பாஸ்புக்கில் வட்டி 704, என் கணக்கில் 729. மிச்சம் 25 ரூபாய் எங்கே போச்சு?

குலசேகரம் பையன் | 6 ஜூலை 2025
அம்மையின் சேமிப்புக் கணக்கு பாஸ்புக்கை தங்கச்சி படம் எடுத்து அனுப்பினாள். நான் ஷார்ஜாவில் இருக்கிறேன், நேரில் போய்ப் பார்க்க முடியாது. ஏப்ரல், மே, ஜூன் மூன்று மாதத்துக்கும் சேர்த்து 704 ரூபாய் வட்டி வரவு வைத்திருக்கிறார்கள். கிளையில் மாட்டியிருக்கும் போர்டில் ஆண்டுக்கு 2.75% என்று இருக்கிறதாம். படத்தை இங்கேயும் போட்டிருக்கிறேன். அதில் எனக்குத் தெரிவது இவ்வளவுதான்:

ஏப்ரல் 1 அன்று இருப்பு 84,200. ஏப்ரல் 11 ரப்பர் ஷீட் விற்ற பணம் 36,500 வரவு, இருப்பு 1,20,700. மே 2 அன்று 15,000 எடுத்தது, 1,05,700. மே 26 அன்று நான் அனுப்பிய 28,000, இருப்பு 1,33,700. ஜூன் 12 அன்று 60,000 எடுத்தது, 78,700. ஜூன் 30 வட்டி 704.

ஒவ்வொரு இருப்பும் எத்தனை நாள் கிடந்தது என்று பெருக்கிப் பார்த்தேன். 729 வருகிறது. 25 ரூபாய் பெரிய காசு இல்லை. ஆனால் ஒரு கணக்கில் 25 என்றால் ஊரில் எத்தனை கணக்கு? கேட்டால் கவுண்டரில் "சிஸ்டம் போடுவது" என்கிறார்கள்.

தோவாளை அண்ணாச்சி | 6 ஜூலை 2025
தம்பி, தினம் தினம் கணக்குப் போட்டால் வராது. மாதம் 10ஆம் தேதிக்கும் கடைசி தேதிக்கும் நடுவில் எது குறைந்த இருப்போ, அதுக்கு மட்டும்தான் வட்டி. முப்பது வருசமா பாஸ்புக் வச்சிருக்கேன். ஷீட் பணம் 11ஆம் தேதி போட்டதால் ஏப்ரலுக்கு அது சேரவே சேராது. 10க்குள்ள போட்டிருக்கணும்.

மார்த்தாண்டம் தேன் | 6 ஜூலை 2025
டிடிஎஸ் பிடிச்சிருப்பான். எனக்கு எஃப்டி வட்டியில் பத்து சதம் பிடிச்சான். 15G கொடுக்கச் சொல்லுங்க.

பழைய கவுண்டர் (தக்கலை) | 6 ஜூலை 2025
சேமிப்புக் கணக்கு வட்டிக்கு டிடிஎஸ் கிடையாது, எஃப்டிக்குத்தான். தவிர, பத்து சதம் போயிருந்தால் 729ல் 73 ரூபாய் குறையணும். குறைந்திருப்பது 25தான்.

அண்ணாச்சி சொன்ன விதி 31 மார்ச் 2010 வரைக்கும் உண்மை. நானே அந்தக் காலத்தில் லெட்ஜரில் 10ஆம் தேதிக்கப்புறம் வரும் குறைந்த இருப்பைச் சிவப்பு மையில் வட்டம் போட்டிருக்கேன். 2010 ஏப்ரல் 1லிருந்து வங்கிகளில் தினசரி இருப்புக்குத்தான் வட்டி.

நம்பாவிட்டால் இந்தப் பாஸ்புக்கிலேயே சோதித்துக்கொள்ளலாம். பழைய விதிப்படி ஏப்ரலுக்கு 84,200, மேக்கு 1,05,700, ஜூனுக்கு 73,700. கூட்டி 2.75 சதத்தில் மாத வட்டி போட்டால் 604 வரும். வரவானது 704. பழைய விதி இங்கே இல்லை என்று பாஸ்புக்கே சொல்லுது.

குலசேகரம் பையன் | 6 ஜூலை 2025
சார், ஜூனுக்கு 73,700 என்று போட்டிருக்கீங்க. படத்தில் 78,700 அல்லவா இருக்கு.

பழைய கவுண்டர் | 6 ஜூலை 2025
1,33,700ல் 60,000 போனால் எவ்வளவு?

படத்தில் 3க்கும் 8க்கும் வித்தியாசம் தெரியாது, பாஸ்புக் பிரிண்டர் ரிப்பன் பழசானால் இன்னும் மோசம். அதனால் படத்தை வைத்துக் கணக்குப் போடும்போது முதலில் வட்டிக்குப் போகக் கூடாது. மேலிருந்து கீழே, முந்தைய இருப்பு, வரவு அல்லது பற்று, அடுத்த இருப்பு என்று ஒவ்வொரு வரியும் ஒத்து வருதா என்று பார்க்கணும். நீங்க போட்ட படத்தில் வட்டி சேர்ந்த பிறகு கடைசி இருப்பு 74,404 என்று தெளிவா இருக்கு. அதிலிருந்து 704 கழித்தால் 73,700. மேலிருந்து வந்தாலும் கீழிருந்து போனாலும் அதே எண். 19 நாளைக்கு 5,000 ரூபாயைக் கூடுதலா நினைச்சிருக்கீங்க. அதுக்கு வட்டி 7 ரூபாய். 729 இப்போ 722 ஆச்சு.

படத்தில் கணக்கு எண் முழுசா தெரியுது, அதை மறைச்சுட்டுப் போடுங்க.

குலசேகரம் பையன் | 7 ஜூலை 2025
மறைத்துவிட்டேன். 3தான். தங்கச்சியும் நேரில் பார்த்துச் சொன்னாள்.

722க்கு என் கணக்கை விரிவா எழுதுகிறேன், யாராவது சரிபார்க்கலாம்.
84,200 ஏப்ரல் 1 முதல் 10 வரை 10 நாள்.
1,20,700 ஏப்ரல் 11 முதல் மே 1 வரை 21 நாள்.
1,05,700 மே 2 முதல் 25 வரை 24 நாள்.
1,33,700 மே 26 முதல் ஜூன் 11 வரை 17 நாள்.
73,700 ஜூன் 12 முதல் 30 வரை 19 நாள்.
மொத்தம் 91 நாள். இருப்பை நாளால் பெருக்கிக் கூட்டினால் 95,86,700. அதை 2.75ஆல் பெருக்கி 36,500ஆல் வகுத்தால் 722.29. மிச்சம் 18 ரூபாய் இன்னும் உதைக்குது.

குளச்சல் வலை | 7 ஜூலை 2025
பணம் எடுத்த நாளுக்கு வட்டி உண்டா இல்லையா? நீங்க மே 2ஆம் தேதியைக் குறைந்த இருப்பில் சேர்த்திருக்கீங்க. அன்னைக்குக் காலையில் பத்து மணி வரை பணம் கணக்கில்தானே கிடந்தது.

என்னுடையதில் ஒரே நாளில் அஞ்சாறு வரி வரும். யுபிஐயில் ஐஸ், டீசல், ரேஷன் கடை, எல்லாமே. எந்த வரியை எடுக்கணும்?

பழைய கவுண்டர் | 7 ஜூலை 2025
அன்றைய நாள் முடியும்போது நிற்கும் இருப்புதான் கணக்கு. காலையில் ஒரு லட்சம் வந்து மாலையில் போயிருந்தால் அந்த ஒரு லட்சத்துக்கு ஒன்றும் கிடையாது. எடுத்த நாள் குறைந்த இருப்பில் சேரும், போட்ட நாள் கூடிய இருப்பில் சேரும். பையன் நாட்களை எண்ணியது சரி.

ஒரே தேதியில் பத்து வரி இருந்தால் கடைசி வரியின் இருப்பு மட்டும். மேலே இருக்கும் ஒன்பதையும் அடித்துவிடலாம். ஆனால் ரொம்ப நாள் பதியாமல் விட்டு ஒரேயடியாகப் பதிந்தால், சில வங்கிகளில் எந்திரம் பல வரிகளைத் தொகுத்து ஒரே வரியாக அடிச்சுடும். அந்தப் பக்கத்தை வைத்துத் தினசரி இருப்பு எடுக்க முடியாது. அப்போ ஸ்டேட்மென்ட்தான் கேட்கணும்.

கருங்கல் டீச்சர் | 8 ஜூலை 2025
எனக்கும் வித்தியாசம் வருது. தபால் ஆபீஸ் சேமிப்புக் கணக்கு, 4%. 40,000 போட்டு வச்சிருந்தேன். ஒரு மாதம் 28ஆம் தேதி மகளுக்கு ஃபீஸ் கட்ட 30,000 எடுத்துட்டு, அடுத்த மாதம் 2ஆம் தேதியே திரும்பப் போட்டேன். தினசரிக் கணக்கில் வெளியே இருந்தது நாலஞ்சு நாள், 13லிருந்து 16 ரூபாய்தான் குறையணும். மார்ச் கடைசியில் பார்த்தால் 100 ரூபாய் குறையுது.

தோவாளை அண்ணாச்சி | 8 ஜூலை 2025
இதைத்தானே நான் சொன்னேன்!

பழைய கவுண்டர் | 8 ஜூலை 2025
தபால் ஆபீசுக்கு அண்ணாச்சி சொன்னது இன்னைக்கும் சரி. 10ஆம் தேதிக்கும் மாதக் கடைசிக்கும் இடையில் குறைந்த இருப்புக்குத்தான் வட்டி. டீச்சர் 28ஆம் தேதி எடுத்ததால் அந்த மாதம் முழுக்க வெறும் 10,000க்கு 33 ரூபாய், 40,000க்கு வர வேண்டிய 133 இல்லை. 2ஆம் தேதியே திரும்பப் போட்டதால் அடுத்த மாதம் தப்பிச்சுது. 11ஆம் தேதி போட்டிருந்தால் அடுத்த மாதமும் போயிருக்கும். அங்கே வட்டி வரவு வைப்பதும் வருசத்துக்கு ஒரு தடவை, மார்ச் 31. எடுக்கணும்னா 1ஆம் தேதி எடுத்து 10க்குள்ளே போட்டுடுங்க டீச்சர்.

மார்த்தாண்டம் தேன் | 8 ஜூலை 2025
அப்போ 15G வேண்டாமா?

பழைய கவுண்டர் | 9 ஜூலை 2025
வேண்டாம். எஃப்டிக்கு வச்சுக்கோங்க.

பையா, 18 ரூபாய்க்கு வருவோம். போர்டில் 2.75 என்று யார் பார்த்தது, எப்போ மாட்டினது? ஜூன் 6ஆம் தேதி ரிசர்வ் வங்கி ரெப்போவை அரை சதம் குறைத்து 5.50 ஆக்கியது. அந்த மாதத்திலேயே பல வங்கிகள் சேமிப்பு வட்டியையும் இறக்கின. உங்க வங்கி இணையதளத்தில் சேமிப்பு வட்டி விகிதம் என்ற பக்கத்தில் "இன்ன தேதி முதல்" என்று போட்டிருக்கும். அதைப் பார்த்துச் சொல்லுங்க. ஒரு லட்சத்துக்கு மேலே வேறு விகிதமா என்பதையும் பாருங்க. ஒரு லட்சம் வரை எல்லாருக்கும் ஒரே விகிதம்தான் கொடுக்கணும், அதுக்கு மேலே வங்கி விருப்பம். இதெல்லாம் 2011 அக்டோபரில் வந்தது.

குலசேகரம் பையன் | 9 ஜூலை 2025
பார்த்தேன். ஒரு லட்சத்துக்கு மேலேயும் கீழேயும் ஒரே விகிதம்தான். ஆனால் ஜூன் 16 முதல் 2.50% என்று போட்டிருக்கு. தங்கச்சியிடம் போர்டைப் படம் எடுக்கச் சொன்னேன். அதில் இன்னும் 2.75தான், கீழே தேதியே இல்லை. இது நியாயமா? மாத்தின விகிதத்தைப் போர்டில் மாத்த வேண்டாமா?

ஜூன் 16 முதல் 30 வரை 15 நாள், 73,700 இருப்பு, கால் சதம் குறைவு. 7 ரூபாய் 57 பைசா. இப்போ என் கணக்கு 714.71. இன்னும் 11 ரூபாய்க்குப் பக்கத்தில் வித்தியாசம்.

பழைய கவுண்டர் | 9 ஜூலை 2025
போர்டைப் பற்றி மேலாளரிடம் எழுத்தில் கேளுங்க, வாயால் கேட்டால் பதில் வராது.

704 என்பது முழு ரூபாய்க்கு உருட்டினது, உண்மையில் 703.50க்கும் 704.49க்கும் நடுவில் இருக்கும். ஆக வித்தியாசம் 10 ரூபாய் 20 பைசாவுக்கும் 11 ரூபாய் 20 பைசாவுக்கும் இடையில். இந்த அளவு விழுற மாதிரி எந்த வரி தேதி தவறியிருக்கும் என்று தேடினேன். 36,500க்கு 2.75 சதத்தில் ஒரு நாள் வட்டி சரியா 2 ரூபாய் 75 பைசா. நாலு நாள் என்றால் 11 ரூபாய். உங்க 28,000க்கு அஞ்சு நாள் தள்ளிப் போயிருந்தாலும் 10.55 வரும், அதுவும் இடைவெளிக்குள்ளேதான் விழுது. ஆனால் அது நீங்க அனுப்பினது. நெஃப்ட் அஞ்சு நாள் தள்ளிப் போகாது.

ஷீட் பணம் செக்கா?

குலசேகரம் பையன் | 9 ஜூலை 2025
ஆமா, வியாபாரி செக்தான் கொடுப்பார். வெள்ளிக்கிழமை அம்மை கொண்டு போய்ப் போட்டது.

பழைய கவுண்டர் | 9 ஜூலை 2025
ஏப்ரல் 11 வெள்ளி. 12 இரண்டாவது சனி, 13 ஞாயிறு, 14 சித்திரை ஒன்று. வங்கி திறந்தது 15ஆம் தேதி செவ்வாய். வெள்ளிக்கிழமை கிளியரிங்குக்குப் போன செக்குக்கு மறுபக்கத்திலிருந்து பணம் வந்து சேர்ந்தது 15ஆம் தேதியாகத்தான் இருக்கும். 11, 12, 13, 14, நாலு நாள்.

வரி விழுந்த தேதி வேற, பணம் உங்களதான தேதி வேற. வட்டி இரண்டாவது தேதியிலிருந்துதான். பாஸ்புக்கில் சில வங்கிகள் இரண்டையும் அடிக்கும். உங்க படத்தில் இடது ஓரம் வெட்டுப்பட்டு இருக்கு, கட்டைவிரல் வேற தெரியுது. முழுப் பக்கத்தையும் எடுக்கச் சொல்லுங்க.

குளச்சல் வலை | 10 ஜூலை 2025
சார் போலீஸ்ல இருந்திருக்கலாம்.

குலசேகரம் பையன் | 10 ஜூலை 2025
புதுப் படம் வந்தது. இடது ஓரத்தில் இரண்டாவது தேதி இருக்கு: அந்த வரிக்கு மட்டும் 15-04-2025. மற்ற எல்லா வரியிலும் இரண்டு தேதியும் ஒன்றே.

714.71 கழித்தல் 11.00, 703.71. உருட்டினால் 704. ஒத்துப்போச்சு.

ஆனாலும் ஒரு கேள்வி. செக் போட்ட அன்றே இருப்பு 1,20,700 என்று காட்டினது ஏன்? அம்மை அந்த வாரம் எடுக்கப் போயிருந்தால் கிடைத்திருக்குமா?

பழைய கவுண்டர் | 10 ஜூலை 2025
கிடைத்திருக்காது. இருப்பில் காட்டும், எடுக்க விடாது. கவுண்டரில் சண்டை வருவதே இதில்தான். கேட்கிற ஆளுக்குப் பாஸ்புக்கில் பணம் இருக்கு, எனக்குத் திரையில் கிளியர் ஆகாதது என்று வரும். இரண்டு பேரும் சொல்வது உண்மை.

தோவாளை அண்ணாச்சி | 11 ஜூலை 2025
எல்லாம் சரி, எங்க காலத்தில் ஜூன், டிசம்பர் என்று வருசத்துக்கு ரெண்டு தடவைதான் வட்டி. இப்போ மூணு மாசத்துக்கு ஒரு தடவை போடுறான். நல்லதுதானே, எதுக்கு இந்த ஆராய்ச்சி. செக்கை வாங்காம சக்கரத்தைக் கையில் வாங்கச் சொல்லு அம்மைகிட்ட.

கருங்கல் டீச்சர் | 11 ஜூலை 2025
எனக்கு நாள் எண்ணுவதில்தான் குழப்பம். எக்செலில் போட முடியுமா?

குலசேகரம் பையன் | 11 ஜூலை 2025
வங்கிக் கணக்குக்கு முடியும் டீச்சர், தபால் ஆபீசுக்கு இது சரிப்படாது. A பத்தியில் தேதி (இரண்டாவது தேதி, வரி விழுந்த தேதி அல்ல), B பத்தியில் அந்த நாளின் கடைசி இருப்பு. முதல் வரி காலாண்டின் முதல் நாள். வட்டி வரவான வரியைச் சேர்க்க வேண்டாம். எனக்கு ஐந்து இருப்பு, விகிதம் மாறின நாளுக்கு அதே இருப்பை இன்னொரு வரியாகப் போட்டேன், ஆக ஆறு வரி. D பத்தியில் அந்தந்த வரிக்கான விகிதம், 2.75 அல்லது 2.50.

```
C2:  =A3-A2        (C6 வரை இழுக்கவும்)
C7:  =DATE(2025,7,1)-A7
E2:  =SUM(C2:C7)
E3:  =SUMPRODUCT(B2:B7,C2:C7,D2:D7)/36500
```

E2வில் 91 வராவிட்டால் தேதியில் எங்கோ தப்பு, வட்டியைப் பார்க்கவே வேண்டாம். E3இல் எனக்கு 703.71 வருது.

பழைய கவுண்டர் | 12 ஜூலை 2025
நல்லாருக்கு. ஒன்று மட்டும் சேர்த்துக்கோங்க: காலாண்டு என்றால் ஏப்ரல் 1 முதல் ஜூன் 30 வரை என்று எடுத்துக்கக் கூடாது. சில வங்கிகள் மாதம் 25ஆம் தேதி வாக்கில் வட்டி போட்டுவிடும், அவங்க காலாண்டு அங்கேயே முடியும். உங்க பாஸ்புக்கில் `Int.Pd:01-04-2025 to 30-06-2025` என்று காலத்தையே அடிச்சிருக்காங்க, அதனால் தப்பிச்சோம். அது இல்லாத பாஸ்புக்கில் முந்தைய வட்டி வரி விழுந்த நாளிலிருந்து எண்ணிப் பார்க்கணும்.

குளச்சல் வலை | 12 ஜூலை 2025
நானும் போட்டேன். மேற்குக் கரை தடைக்காலம், ஜூன் 1லிருந்து கடலுக்குப் போகலை, ஜூன் முழுக்க எடுப்புதான், வரவே இல்லை. நாற்பதுக்கு மேல் வரி. கடைசி இருப்பை மட்டும் எடுத்தேன். 91 நாளும் வருது. ஆனால் வங்கி 3 ரூபாய் கூடக் கொடுத்திருக்கு. என் வங்கி வேற, விகிதம் ஜூன் கடைசி வரை மாறலை.

மார்த்தாண்டம் தேன் | 12 ஜூலை 2025
கூடக் கொடுத்தால் சும்மா இருங்க ஓய்.

குளச்சல் வலை | 12 ஜூலை 2025
சும்மாதான் இருக்கேன், ஏன்னு தெரியணும்ல. ஒரு சந்தேகம். ராத்திரி பதினொன்றரைக்கு மேலே யுபிஐயில் போட்டது எந்த நாளில் சேரும்? என் பாஸ்புக்கில் சிலது அன்றைய தேதியிலும் சிலது மறுநாள் தேதியிலும் இருக்கு. ஃபோனில் எல்லாம் அன்றைக்கே காட்டுது. நான் ஃபோன் தேதியைத்தான் போட்டேன்.

பழைய கவுண்டர் | 13 ஜூலை 2025
ஃபோனை விடுங்க. பாஸ்புக் தேதியைப் போட்டு மறுபடி கூட்டுங்க. மறுநாளில் விழுந்திருந்தால் பணம் ஒரு நாள் கூடுதலா கணக்கில் நின்றதா வரும், அதனால் வட்டி கூடும். உங்க வித்தியாசமும் கூடுதல் பக்கம்தான். ஆனால் 3 ரூபாய் வரணும்னா ராத்திரி போட்டது மட்டுமே நாற்பதாயிரம் தேறணும். அவ்வளவுக்கா ராத்திரி அனுப்பினீங்க?

குலசேகரம் பையன் | 3 அக்டோபர் 2025
அடுத்த காலாண்டு வட்டி வந்தாச்சு. ஜூலை 1 முதல் 74,404, ஆகஸ்ட் 11 அன்று நான் அனுப்பிய 21,000 சேர்ந்து 95,404. 41 நாளும் 51 நாளும், மொத்தம் 92. எல்லாம் 2.50 சதம். கணக்கில் 542.20, பாஸ்புக்கில் 542.

போர்டைப் பற்றி மேலாளருக்கு எழுதின கடிதத்துக்குப் பதில் வரலை. ஆனால் தங்கச்சி போன வாரம் போனபோது 2.50 என்று மாத்தியிருந்தாங்களாம். தேதி மட்டும் இன்னும் போடலை.

பழைய கவுண்டர் | 4 அக்டோபர் 2025
இன்னைக்கிலிருந்து செக் கிளியரிங் முறையும் மாறுது, காலையில் போட்டால் அன்றைக்கே முடியும் என்கிறாங்க. அடுத்த ஷீட் செக்குக்கு இரண்டு தேதியும் ஒன்றா வருதா என்று பார்த்துச் சொல்லுங்க பையா.

குளச்சல்காரரே, பாஸ்புக் தேதியைப் போட்டுக் கூட்டினீங்களா இல்லையா?

குளச்சல் வலை | 6 அக்டோபர் 2025
கூட்டினேன் சார். 3 ரூபாய் 1 ரூபாய் ஆச்சு. அந்த 1 ரூபாய் எங்கேயிருந்து வருதுன்னு இன்னும் மனசிலாகல்ல. ஸ்டேட்மென்ட் வாங்கினப்புறம் பார்க்கணும்.